ஒரு சைபர் கூடிப்போனால்? ஜி.எஸ்.டி. கேஷ் லெட்ஜர் கேள்வி-பதில்

கேள்வி: சிவகாசியில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். மாதாமாதம் சி.ஜி.எஸ்.டி. 8,500, எஸ்.ஜி.எஸ்.டி. 8,500 என்று 17,000 ரூபாய் பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். இந்த மாதம் சலான் போட்ட பையன் சி.ஜி.எஸ்.டி. கட்டத்தில் 85,000 என்று அடித்துவிட்டான். பணமும் வங்கியிலிருந்து போய்விட்டது. அவ்வளவுதானா அய்யா?

பதில்: பணம் எங்கும் போகவில்லை, உங்கள் பெயரிலேயே இருக்கிறது. சலான் வழியாகக் கட்டும் பணம் நேராக வரியாகிவிடுவதில்லை. முதலில் உங்கள் எலெக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரில் வந்து உட்காரும். நீங்கள் 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்து, அதிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லும்போதுதான் வரியாகக் கணக்கில் ஏறும். மளிகைக் கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து வைப்பது போலத்தான். சாமான் வாங்காதவரை அது உங்கள் காசு.

முதல் வேலை, 3பி-யை வழக்கம்போல முடித்துவிடுங்கள். அதில் சி.ஜி.எஸ்.டி.க்கு 8,500 மட்டும்தான் கழியும். மிச்சம் 76,500 லெட்ஜரில் சி.ஜி.எஸ்.டி. தலைப்பில் நிற்கும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 49(6) பிரிவு, வரி, வட்டி, அபராதம், கட்டணம் எல்லாம் போக மீதி இருப்பதைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது. கேட்கும் முறை 54-வது பிரிவில் இருக்கிறது.

ஆனால் முழுத் தொகையையும் கேட்கத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டால் 76,500 ஒன்பது மாத சி.ஜி.எஸ்.டி.க்குக் காணும். ஆனால் அந்த ஒன்பது மாதமும் எஸ்.ஜி.எஸ்.டி.க்குத் தனியாகக் கைக்காசு போட வேண்டும். PMT-09 என்ற படிவத்தில் பாதியை, அதாவது 38,250 ரூபாயை, எஸ்.ஜி.எஸ்.டி. தலைப்புக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு தலைப்புக்கும் சேர்த்து நாலரை மாதத்தில் தீர்ந்துவிடும். இதற்கு எந்த அதிகாரியின் அனுமதியும் வேண்டாம், உடனே மாறும்.

காகிதக் கடைக்குப் பாக்கி இருக்கிறது, ஓவர் டிராஃப்டுக்கு வட்டி ஓடுகிறது என்றால் நாலரை மாதம் காத்திருக்க முடியாது. அப்போது நான் சொல்வது நடுவழி. அடுத்த மாத வரிக்கு வேண்டிய 17,000 ரூபாயை லெட்ஜரிலேயே விடுங்கள். அதில் 8,500-ஐ PMT-09 மூலம் எஸ்.ஜி.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். பாக்கி 59,500 ரூபாய்க்கு ரீஃபண்ட் விண்ணப்பம் போடுங்கள். அடுத்த மாதம் சலானே போட வேண்டியதில்லை. பெரும்பகுதிப் பணமும் வங்கிக்குத் திரும்பும்.

கேள்வி: விண்ணப்பம் எங்கே இருக்கிறது? போர்ட்டலில் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது.
(ஈரோடு, ஜவுளிக்கடை)

பதில்: உள்ளே நுழைந்ததும் இந்த வழியில் போங்கள்:

```
Services > Refunds > Application for Refund
```

அங்கே ரீஃபண்ட் வகைகள் வரிசையாக இருக்கும். `Refund of Excess Balance in Electronic Cash Ledger` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற வகைகளுக்குக் கேட்பது போல எந்த மாதத்துக்கு, எந்த பில்லுக்கு என்று இதில் பெரிதாகக் கேள்வி இல்லை. RFD-01 படிவம் திறந்ததும் உங்கள் லெட்ஜர் இருப்பு தானாகவே ஓர் அட்டவணையில் வந்து நிற்கும். ஒரு பக்கம் ஐ.ஜி.எஸ்.டி., சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., செஸ். இன்னொரு பக்கம் வரி, வட்டி, அபராதம், கட்டணம், இதர. கீழே இன்னொரு அட்டவணை, நீங்கள் கேட்கும் தொகைக்கு. எந்தக் கட்டத்தில் இருப்பு இருக்கிறதோ அதே கட்டத்தில்தான் கேட்க முடியும், இருப்பைவிடக் கூடுதலாக எழுத விடாது.

பிறகு வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, டிஜிட்டல் கையெழுத்து அல்லது ஓ.டி.பி. மூலம் தாக்கல் செய்தால் ஏ.ஆர்.என். எண் வரும். அதை எழுதி வையுங்கள். ஆவணம் இணைப்பது இந்த வகையில் உங்கள் விருப்பம். ஆனால் தவறாகப் போட்ட சலானின் நகலையும், "இன்ன தேதியில் இவ்வளவுக்குப் பதில் இவ்வளவு கட்டிவிட்டேன்" என்று நாலு வரிக் கடிதத்தையும் பி.டி.எஃப். ஆக்கி இணைத்துவிடுவது நல்லது. கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு விஷயம் ஒரே பார்வையில் புரிந்துவிடும், உங்களுக்கு போன் வருவது குறையும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 2022 ஜனவரி 1 முதல் ரீஃபண்ட் கேட்க ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். பழைய பதிவுக்காரர்கள் பலர் இதைச் செய்யாமலே விட்டிருப்பார்கள்.

கேள்வி: 2019-ல் கட்டிய பணம் 22,000 ரூபாய் லெட்ஜரில் அப்படியே கிடக்கிறது. இரண்டு வருஷம் தாண்டினால் கேட்க முடியாது என்று ஆடிட்டர் ஆபீஸில் சொல்கிறார்கள். உண்மையா?
(கும்பகோணம், பாத்திரக்கடை)

பதில்: இந்த வகைக்கு அந்தக் கெடு கிடையாது. மறைமுக வரிகள் வாரியம் 2021 நவம்பர் 17 அன்று வெளியிட்ட 166/22/2021 எண் சுற்றறிக்கையே இதைத் தெளிவாகச் சொல்கிறது: கேஷ் லெட்ஜர் மீதியைத் திரும்பக் கேட்பதற்கு 54(1) பிரிவின் இரண்டு ஆண்டுக் கெடு பொருந்தாது. ஏற்றுமதி ரீஃபண்டுக்கும், கூடுதலாகக் கட்டிய வரிக்கும் இரண்டு ஆண்டு உண்டு. அந்த ஞாபகத்தில் உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் சொல்லியிருக்கலாம். சுற்றறிக்கையின் பிரதியை எடுத்துக் காட்டுங்கள்.

அதே சுற்றறிக்கையில் உங்களுக்கு உதவும் இன்னொரு வரியும் இருக்கிறது. வரிச்சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றவில்லை என்று உறுதிமொழியோ, பட்டயக் கணக்காளர் சான்றிதழோ இந்த வகைக்குத் தேவையில்லை. யாராவது கேட்டால் சுற்றறிக்கை எண்ணைக் குறிப்பிட்டுப் பணிவாகப் பதில் எழுதுங்கள். வீணாகச் சான்றிதழுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

கேள்வி: இத்தனை வருஷம் கிடந்ததற்கு வட்டி?
(அதே பாத்திரக்கடை)

பதில்: கிடையாது. லெட்ஜரில் கிடக்கும் பணத்துக்கு அரசு வட்டி தராது. விண்ணப்பம் போட்ட பிறகு 60 நாளுக்குள் தராவிட்டால்தான் வட்டிக்கு உரிமை வரும், ஆண்டுக்கு 6 சதவீதம். அதனால் பெரிய தொகையென்றால் நாள் கடத்தாதீர்கள்.

இந்த 60 நாள் எப்போது தொடங்கும் என்பதிலும் உங்கள் வகைக்கு ஒரு சலுகை உண்டு. கேஷ் லெட்ஜர் விண்ணப்பத்துக்கு 90(1) விதிப்படி RFD-02 ஒப்புகை போர்ட்டலிலேயே கிடைக்கும், விண்ணப்பித்த தேதியிலிருந்தே நாள் ஓடும். மற்ற வகைகளில் அதிகாரி பார்த்து ஒப்புகை கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் பஞ்சாயத்து வேலை எடுத்துச் செய்கிற ஒப்பந்தக்காரன். ஒவ்வொரு பில்லிலும் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். என்று பிடிக்கிறார்கள். சிமென்ட், கம்பி வாங்கிய இன்புட் கிரெடிட்டே என் வரிக்குப் போதும். பிடித்த பணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இது என் பணம்தானா, அரசாங்கப் பணமா?
(திருநெல்வேலி)

பதில்: உங்கள் பணம். இந்தக் கேள்வியைச் சிறு ஒப்பந்தக்காரர்கள் இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பிடித்தது பிடித்ததுதான் என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால், அரசுத் துறையும் உள்ளாட்சியும் வரி நீங்கலான மதிப்பில் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். ஐந்து லட்ச ரூபாய் பில்லுக்கு சி.ஜி.எஸ்.டி. 5,000, எஸ்.ஜி.எஸ்.டி. 5,000. அந்த அலுவலகம் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் GSTR-7 தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் போர்ட்டலில், ரிட்டர்ன் பக்கத்தில் `TDS and TCS credit received` என்ற பகுதியில் இந்தத் தொகை தெரியும். நீங்கள் அதை ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்தால்தான் கேஷ் லெட்ஜருக்கு வரும். பலருக்கு இந்த இடத்தில்தான் தட்டுகிறது: பணம் பிடித்திருக்கிறது, லெட்ஜரில் காணோம். முதலில் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே காத்திருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அலுவலகம் GSTR-7 போடவில்லை, அல்லது உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறது. பில் நகலோடு நேரில் போய்க் கேளுங்கள்.

லெட்ஜருக்கு வந்தபின் அது நீங்களே சலான் போட்டுக் கட்டிய பணத்துக்குச் சமம். 2021 சுற்றறிக்கை இதையும் சொல்கிறது: இந்தத் தொகையை வரிக்கே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை, பாக்கியெல்லாம் தீர்ந்தபின் மீதியை ரீஃபண்டாகக் கேட்கலாம். ஆன்லைன் விற்பனைத் தளங்கள் சிறு வியாபாரிகளிடம் பிடிக்கும் டி.சி.எஸ்.ஸுக்கும் இதே விதிதான்.

கேள்வி: அவசரப்பட்டு மொத்த இருப்புக்கும் RFD-01 போட்டுவிட்டேன். இப்போது 20-ம் தேதி 3பி-க்கு லெட்ஜரில் ஒரு ரூபாய்கூட இல்லை என்கிறது. ரீஃபண்ட் இன்னும் வரவும் இல்லை. எங்கே போயிற்று பணம்?
(ஓசூர், லேத் பட்டறை)

பதில்: தாக்கல் செய்த அந்த நிமிடமே, கேட்ட தொகை லெட்ஜரிலிருந்து கழிந்துவிடும். பணம் கைக்கு வரும்வரை லெட்ஜரிலும் இருக்காது, வங்கியிலும் இருக்காது. அடுத்த மாத வரியை விட்டுவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உங்களுக்கு இரண்டு வழி. கையில் பணம் இருந்தால் புதுச் சலான் போட்டு 3பி-யை முடியுங்கள், ரீஃபண்ட் தன் போக்கில் வரட்டும். கையில் இல்லையென்றால் RFD-01W போட்டு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அதிகாரி ஆணையோ நோட்டீஸோ கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். திரும்பப் பெற்றதும் தொகை மறுபடி லெட்ஜருக்கு ஏறும். அதிலிருந்து வரியைக் கழித்து, மீதிக்கு மட்டும் புதிதாக விண்ணப்பியுங்கள்.

லெட்ஜரில் கொஞ்சம் விட்டுவைப்பதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. 2024 ஜூலையில் 88பி விதியில் சேர்த்த திருத்தப்படி, கெடு தேதிக்குள் லெட்ஜருக்கு வந்து, ரிட்டர்ன் போடும்வரை அங்கேயே இருந்து, ரிட்டர்னில் கழிந்த தொகைக்கு, ரிட்டர்ன் தாமதமானாலும் வட்டி விழாது. தாமதக் கட்டணம் உண்டு, வட்டி மட்டும் இல்லை. ஆள் பற்றாக்குறையால் அடிக்கடி ரிட்டர்ன் பிந்துகிற பட்டறைக்கு இது பெரிய விஷயம்.

கேள்வி: காரைக்குடியில் பலகாரக்கடை. மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன். நடுவில் வரும் மாதங்களுக்கு 35 சதவீதச் சலான் கட்டினேன். வியாபாரம் படுத்துவிட்டது. அதிகமாகக் கட்டியதை இப்போதே கேட்கலாமா?

பதில்: இப்போது கேட்க முடியாது. காலாண்டு 3பி முடியட்டும். முதல் இரண்டு மாதத்துக்குக் கட்டிய அந்தப் பணத்தை, காலாண்டு ரிட்டர்ன் போடும்வரை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது, ரீஃபண்டும் கேட்கக்கூடாது என்பது விதி.

போன காலாண்டில் 30,000 ரூபாய் பணமாகக் கட்டியிருந்தால் மாதம் 10,500 வீதம் இரண்டு மாதத்துக்கு 21,000 கட்டியிருப்பீர்கள். இந்தக் காலாண்டு வரி 14,000-தான் வந்தது என்றால், ரிட்டர்ன் முடிந்தபின் 7,000 மிஞ்சும். அதை அடுத்த காலாண்டுக்கு வைத்துக்கொள்வதே என் யோசனை. போர்ட்டலில் விண்ணப்பித்து வாங்குகிற அலைச்சலுக்கு இந்தத் தொகை கட்டுபடியாகாது. அதோடு, மாதக் கணக்கு நீங்களே கைவசம் வைத்திருப்பவராக இருந்தால் 35 சதவீதச் சலானை விட்டு, உண்மையான வரியைக் கணக்கிட்டுக் கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். வியாபாரம் இறங்குகிற பருவத்தில் அதுதான் சரி.

கேள்வி: ரீஃபண்ட் ஆணை RFD-06 வந்துவிட்டது. RFD-05-ம் வந்துவிட்டது. பணம் மட்டும் வரவில்லை.
(வேலூர், தோல் பொருள் கடை)

பதில்: வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஆணை சரியாக இருந்து பணம் வராவிட்டால் பத்தில் ஒன்பது முறை கோளாறு அங்கேதான். பணம் மத்திய அரசின் பி.எஃப்.எம்.எஸ். வழியாக வருகிறது. அது கணக்கு எண்ணையும் பெயரையும் ஒத்துப் பார்க்கும். 96சி விதிப்படி கணக்கு விண்ணப்பதாரர் பெயரில், அவருடைய பான் எண்ணில் எடுத்ததாக இருக்க வேண்டும். தனியுரிமைக் கடை என்றால் அந்த பான், ஆதாரோடு இணைந்திருக்கவும் வேண்டும். மனைவி பெயரில் உள்ள கணக்கு, மூடிப்போன கணக்கு, வங்கி இணைப்புக்குப் பின் மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எல்லாமே பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

பதிவில் சரியான கணக்கைச் சேர்த்து, அது சரிபார்க்கப்பட்டதும் அதிகாரிக்கு ஏ.ஆர்.என். எண்ணோடு எழுதுங்கள். புது விண்ணப்பம் போடாதீர்கள். ஆணை உங்கள் கையில் இருக்கிறது, பணம் போய்ச் சேரும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது.

கேள்வி: குறைபாடு இருக்கிறது என்று RFD-03 வந்திருக்கிறது. பதில் எழுதலாமா?
(கோவை, பம்ப் உதிரிபாகம்)

பதில்: RFD-03-க்குப் பதில் எழுத வழியில்லை. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கழித்த தொகை தானாக லெட்ஜருக்குத் திரும்பியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். RFD-08 வந்திருந்தால் கதை வேறு. அது விளக்கம் கேட்கும் நோட்டீஸ், 15 நாளுக்குள் RFD-09-ல் பதில் தர வேண்டும். பழைய ரிட்டர்ன் பாக்கி, கேட்புத் தொகை பாக்கி இருந்தாலும் அதிகாரி ரீஃபண்டை நிறுத்தவோ, அதில் பிடித்துக்கொள்ளவோ முடியும். எனவே விண்ணப்பிக்கும் முன் லயபிலிட்டி ரெஜிஸ்டரை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: என் சலானை அண்ணன் கடை ஜி.எஸ்.டி. எண்ணில் போட்டுவிட்டேன். PMT-09-ல் எனக்கு மாற்ற முடியுமா?
(சேலம்)

பதில்: அண்ணன் பான் வேறு, உங்கள் பான் வேறு என்றால் முடியாது. ஒரே பான்-ல் எடுத்த பதிவுகளுக்கிடையே மட்டும், 2022 ஜூலை முதல், அதுவும் சி.ஜி.எஸ்.டி.யும் ஐ.ஜி.எஸ்.டி.யும் மட்டும் மாற்றலாம். உங்கள் பணம் இப்போது சட்டப்படி அண்ணனின் லெட்ஜர் இருப்பு. அவர் தன் வரிக்குப் பயன்படுத்திக்கொண்டு உங்களுக்கு ரொக்கமாகத் தரலாம், அல்லது அவர் பெயரில் ரீஃபண்ட் கேட்டு வாங்கித் தரலாம். இரண்டு கடைக் கணக்கிலும் கடனாக எழுதி வையுங்கள். உங்கள் வரிக்கு நீங்கள் வேறு சலான் போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: கடையை மூடிவிட்டேன், பதிவும் ரத்தாகிவிட்டது. லெட்ஜரில் 14,000 நிற்கிறது.
(நாகர்கோவில்)

பதில்: பதிவு ரத்தானாலும் உங்கள் லாகின் வேலை செய்யும், ரீஃபண்ட் விண்ணப்பமும் போடலாம். நிலுவை 3பி-க்களை முடியுங்கள். GSTR-10 இறுதி ரிட்டர்னை மூன்று மாதத்துக்குள் போடுங்கள், கையிருப்புச் சரக்குக்கு வரி வந்தால் இந்த 14,000-லேயே கழியும். மிச்சத்தைக் கேளுங்கள். கடையின் வங்கிக் கணக்கை மட்டும் பணம் வரும்வரை மூடிவிடாதீர்கள்.

கேள்வி: சலானில் சரியாகத்தான் கட்டினேன். 3பி-யில் வரியைக் கூட்டிக் காட்டிவிட்டேன். இதுவும் கேஷ் லெட்ஜர் ரீஃபண்டுதானா?
(தூத்துக்குடி, கருவாட்டு வணிகம்)

பதில்: இல்லை. லெட்ஜரைத் திறந்து பாருங்கள். அந்தத் தொகை 3பி-க்காகக் கழிந்ததாகப் பதிவு இருந்தால் அது வரியாகிவிட்டது, லெட்ஜர் மீதி என்ற வகையில் கேட்க முடியாது. அடுத்த 3பி-யில் சரிக்கட்ட வழியிருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் RFD-01-லேயே `Excess Payment of Tax` என்ற வேறு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே இரண்டு ஆண்டுக் கெடு உண்டு, வரிச்சுமையை வாடிக்கையாளரிடம் வசூலிக்கவில்லை என்று காட்டவும் வேண்டும். கட்டிய தேதியை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.